கடை மூடிய பிறகு வரும் செய்தி

இரவு பத்தே முக்கால். சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவும் நேரத்தில் கைப்பேசி சிணுங்குகிறது. "அக்கா, என் பிளவுஸ் வெள்ளிக்கிழமை கிடைக்குமா?" பதில் சொன்னால் இன்னும் நாலு கேள்வி வரும். சொல்லாவிட்டால் அந்த வாடிக்கையாளர் வேறு தையல்காரரைத் தேடத் தொடங்கிவிடுவார். பினாங்கு லிட்டில் இந்தியாவில் சிறுகடை நடத்தும் குடும்பங்களுக்கு இது பழகிப்போன தொல்லை. வணிகப் புலனம், அதாவது வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பலரும் அதைப் போட்டும் வைத்திருக்கிறார்கள். ஆனால், சாதாரண நாளில் ஒழுங்காக ஓடுவது பண்டிகை வந்தால் காலை வாரிவிடுகிறது.

முதலில் சாதாரண நாள். லெபோ பாசாரில் ஒரு தையல் கடை என்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. இந்த நேரத்தை முதலில் கடையின் `Business profile` பகுதியில் `Business hours` என்ற இடத்தில் நாள்வாரியாகப் பதிய வேண்டும். பிறகு `Business tools` பகுதியில் `Away message` என்பதைத் திறந்து, `Schedule` என்ற இடத்தில் `Outside of business hours` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் இரவு 8 ஆனதும் தானாகப் பதில் போகத் தொடங்கும், காலை 10 மணிக்கு நிற்கும். யாருக்குப் போக வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லலாம். `Everyone except...` என்பதைத் தேர்ந்து வீட்டார், துணி தருபவர், கடை ஊழியர் ஆகியோரை விலக்கிவிடுங்கள். அம்மாவுக்கே "கடை மூடப்பட்டுள்ளது" என்று போனால் நன்றாகவா இருக்கும்?

அடுத்தது, என்ன எழுதுவது? பல கடைகளின் பதிலில் "நாளை காலை தொடர்பு கொள்கிறோம்" என்று இருக்கிறது. ஒரே வாசகம்தான் எல்லா இரவும் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். சனிக்கிழமை இரவு அதைப் படிப்பவர் ஞாயிறு முழுவதும் காத்திருப்பார். "விரைவில்" என்பதும் உதவாது. அது ஒரு மணி நேரமா, மூன்று நாளா? "வேலை நாள்களில்" என்று எழுதினாலும் குழப்பம்தான். பாலம் தாண்டி கெடாவுக்குள் போய்விட்டால் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கைப்பட்டாணி வாடிக்கையாளருக்கு ஞாயிறு வேலை நாள். ஆகவே கிழமைப் பெயரையே எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். இது தானாகச் செல்லும் பதில். கடை திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் இரவு 8 வரை. கடை திறக்கும் நாளில் பகல் 12 மணிக்குள் பதில் தருவோம். உங்கள் பெயர், ரசீது எண், துணி எந்தத் தேதிக்கு வேண்டும் என்பதை இங்கேயே எழுதிவையுங்கள்."

கடைசி வரிதான் இதில் முக்கியமானது. காலையில் நீங்கள் கேட்கப்போகும் மூன்று கேள்விகளுக்கும் இரவே பதில் வந்துவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடைக் கைப்பேசி இணையத்தில் இருந்தால்தான் இந்தப் பதில் போகும். இரவில் டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்கினால் அதுவும் சேர்ந்து தூங்கிவிடும்.

இப்போது பண்டிகைக்கு வருவோம். 2026-ல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்குப் பதிலாகத் திங்கள் பொது விடுமுறை. லிட்டில் இந்தியாக் கடைக்காரருக்கோ தைப்பூசம் ஒரு நாள் கதை அல்ல. முதல் நாளே லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகிறது. பூசத்துக்கு மறுநாள் இரவு திரும்பி வருகிறது. நம் தையல் கடை சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மூடியதாக வைத்துக்கொள்வோம்.

செயலிக்குத் தைப்பூசம் தெரியாது. அதன் கணக்கில் சனியும் திங்களும் 10 முதல் 8 வரை கடை திறந்திருக்கிறது. திங்கள் பகல் 11 மணிக்கு ஈப்போவிலிருந்து ஒருவர், "வெள்ளிக்கிழமை முகூர்த்தம், பிளவுஸ் தயாரா?" என்று கேட்டால் தானியங்கிப் பதில் போகாது. இரவில் கேட்டவருக்குக்கூடப் பதில் கிடைக்கிறது, பகலில் கேட்டவருக்கு மௌனம்தான். பினாங்குக்கு மட்டும் உரிய விடுமுறைகளில் இது இன்னும் மோசம். ஜூலை 7, ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய தினம், இங்கே பொது விடுமுறை. கோலாலம்பூர் வாடிக்கையாளருக்கு அது சாதாரண நாள். நீங்கள் வேண்டுமென்றே பதில் போடவில்லை என்றுதான் நினைப்பார்.

செய்ய வேண்டியது இது. வெள்ளிக்கிழமை கடை மூடும் முன் `Schedule` பகுதிக்குப் போய் `Custom schedule` என்று மாற்றி, தொடக்கம் ஜனவரி 30 இரவு 8 மணி, முடிவு பிப்ரவரி 3 காலை 10 மணி என்று கொடுக்க வேண்டும். வாசகத்தையும் மாற்ற வேண்டும்: "தைப்பூசத்தை முன்னிட்டுக் கடை விடுமுறை. பிப்ரவரி 3, செவ்வாய் காலை 10 மணிக்குத் திறக்கும்."

மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். செவ்வாய் காலை அந்தக் காலவரை முடிந்துவிடும். ஆனால் அமைப்பு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. `Custom schedule` என்றே, கடந்துபோன தேதிகளோடு நிற்கும். செவ்வாய் இரவு கேட்பவருக்கு எந்தப் பதிலும் இல்லை. பகலில் கடை கலகலப்பாக ஓடுவதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்; வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடை திறந்ததும் `Outside of business hours` என்று மாற்றி, பழைய வாசகத்தையும் போட்டுவிடுங்கள். அன்று இரவு 8 மணிக்குமேல், விலக்கிய பட்டியலில் இல்லாத ஓர் எண்ணிலிருந்து "ஹலோ" என்று அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி காலைப் பட்டியல். தானியங்கிப் பதில் போன உரையாடலைப் பட்டியலில் பார்த்தால், கடைசி வரியாக உங்கள் பதிலே தெரியும். பதில் சொல்லியாகிவிட்டது என்று கண் ஏமாந்துபோகும். அதோடு, காலையில் வரும் புதுச் செய்திகள் மேலே ஏற ஏற, இரவுச் செய்திகள் கீழே போய்விடும். இரவில் மகனோ மகளோ ஆர்வத்தில் திறந்து பார்த்துவிட்டால், படிக்காத செய்தி என்ற அடையாளமும் போய்விடும்.

அதனால் காலையில் முதல் கால்மணி நேரம் பதில் எழுதக் கூடாது. முந்தைய இரவு 8 மணி வரை கீழே போய், பதில் தேவைப்படும் ஒவ்வோர் உரையாடலுக்கும் "காலை" என்று நீங்களே உண்டாக்கிய ஓர் அடையாளத்தை, அதாவது `Label`, ஒட்டுங்கள். பிறகு ஒரு நோட்டில் பெயர், ரசீது எண், என்றைக்கு வேண்டும் என்று மூன்றே பத்தி. செவ்வாய் காலை நம் கடையில் இப்படி இருக்கலாம்: சனிக்கிழமை வந்தவர் பிளவுஸ் தைக்க விலை கேட்கிறார், தேதி இல்லை. ஞாயிறு வந்தவருக்கு மாத இறுதியில் வேண்டும். திங்கள் வந்த ஈப்போக்காரருக்கு வெள்ளிக்கிழமை முகூர்த்தம். வந்த வரிசையில் போனால் அவர் கடைசி. தேவைப்படும் தேதி வரிசையில் போனால் அவர்தான் முதல்; அஞ்சலில் அனுப்புவதென்றால் இன்றே கட்ட வேண்டும். விலை கேட்டவருக்குப் பதினொன்றரைக்குச் சொன்னாலும் வாக்குத் தவறாது.

பதில் சொன்னதும் அந்த அடையாளத்தை எடுத்துவிடுங்கள். "துணியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது பதில் ஆகாது. அதற்கு அடையாளம் அப்படியே இருக்கட்டும். பகல் 12 மணிக்கு "காலை" என்ற அடையாளத்தைத் தட்டிப் பாருங்கள். அங்கே யாராவது மிச்சம் இருந்தால், இரவில் கொடுத்த வாக்கு அவருக்கு இன்னும் பாக்கி.