பெயரை மட்டும் மறைத்தால் போதாது



தகுதி இருந்தால் வேலை தானாகக் கிடைக்கும் என்பவர்கள், சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரைவிட தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது. முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைந்தது. நேரில் பார்க்கும் முன்பே நடந்த அநியாயம் இது.

இதைத் தடுக்கத்தான் பெயர் மறைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை. பல்கலைக்கழக விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போடுவதுபோல, ஓர் ஊழியர் பெயரையும் புகைப்படத்தையும் நீக்கி எண் கொடுப்பார். தேர்வு செய்பவர் படிப்பு, அனுபவம், திறன் ஆகியவற்றுக்கு முன்பே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் போடுவார். பட்டியல் முடிவான பிறகே பெயர் தெரியவரும்.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, ஆகவே இது தேவையில்லை என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பயோடேட்டாவில் தகப்பனார் பெயரும் சொந்த ஊரும் இருக்கின்றன. 'தாய்மொழி: உருது' என்ற ஒரு வரி போதும், மறைத்த அடையாளம் வெளியே வந்துவிடும். அவற்றையும் நீக்க வேண்டும்.

நேர்காணலில் எதையும் மறைக்க முடியாது. எனவே பட்டியலுக்கு வந்தவர்கள் எந்தப் பிரிவினர், வேலை பெற்றவர்கள் எந்தப் பிரிவினர் என்ற இரு கணக்கையும் நிறுவனங்கள் ஒப்பிட்டு வெளியிட வேண்டும். முதலாவதில் இருந்த ஒரு பிரிவினர் இரண்டாவதில் காணாமல் போனால், பாரபட்சம் நேர்காணல் அறைக்கு இடம் மாறியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருச்சி