ஒரு சொல்லின் இரு வடிவங்கள்

சில வாரங்களுக்கு முன் நண்பர் சிலர் கூடியிருந்த இடத்தில் குர்ஆனின் பழஞ்சுவடிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "தொடக்கமுதல் ஓரெழுத்தும் வேறுபடாத ஏடுகளே உள்ளன" என்றார் ஒருவர். "யெமனில் கிடைத்த ஏடு அக்கூற்றைப் பொய்யாக்கிவிட்டது" என்றார் மற்றொருவர். இருவருமே சுவடிகளைப் பாராது தீர்ப்பளித்தனர் என்பது என் கருத்து.

யெமனின் சன்ஆ நகரத்துப் பெரிய பள்ளிவாசலில் 1972ஆம் ஆண்டு திருத்த வேலைகள் நடந்தபோது, கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலிருந்து பழைய தோலேடுகள் பல வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று, முன்பு எழுதியதை அழித்துவிட்டு அதன்மேல் மீண்டும் எழுதப்பட்டது. மேலெழுத்து நாம் இன்று ஓதும் குர்ஆன் பாடமே. அழிக்கப்பட்ட கீழெழுத்தும் குர்ஆனே. ஆயினும் அதில் அத்தியாயங்களின் வரிசை வேறு. ஒன்பதாம் அத்தியாயத்தின் பின் பத்தாவது வராமல் பத்தொன்பதாவது வருகிறது. சொற்களிலும் வேறுபாடு உண்டு. ஹஜ்ஜின்போது பலிப்பிராணி உரிய இடத்தை அடையுமுன் தலைமயிர் களையலாகாது என்னும் இரண்டாம் அத்தியாயத்து வசனத்தில், 'தலைகள்' என்ற சொல் கீழெழுத்தில் இல்லை. பொருள் கெடவில்லை, பாடம் மட்டுமே வேறு.

இது அதிர்ச்சிக்குரிய செய்தியன்று. நபித்தோழர்களான இப்னு மஸ்ஊத், உபை இப்னு கஅப் ஆகியோரிடம் வேறு பாடங்களுடைய ஏடுகள் இருந்தன என்பதையும், கலீபா உதுமான் (ஆட்சிக்காலம் 644–656) ஒரே பாடத்தை எழுதுவித்து நகரங்களுக்கு அனுப்பிப் பிற ஏடுகளை எரிக்கச் செய்தார் என்பதையும் முஸ்லிம் மரபே கூறுகிறது. அம்மரபு சொன்ன வகை ஏடொன்றின் எச்சத்தைக் கீழெழுத்தில் நாம் கண்ணாற் காண்கிறோம்.

அவ்வாறாயின், ஒரே பாடம் அனுப்பப்பட்டதற்குச் சுவடிகளிற் சான்று உண்டோ? உண்டு. அது பெரிய வேற்றுமைகளில் இல்லை. மிகச் சிறியதொரு எழுத்தில் இருக்கிறது. 'அருட்கொடை' எனப் பொருள்படும் 'நிஃமத்' என்ற சொல் இறைவனைக் குறிக்கும் சொல்லைத் தழுவி வரும்போது, அதன் ஈற்றை 'ஹே' வடிவாலும் எழுதலாம், 'தே' வடிவாலும் எழுதலாம். ஒலி ஒன்றே. இறைவன் அருளை எண்ணி முடிக்க இயலாது என்னும் ஒரே தொடர் பதினான்காம் அத்தியாயத்திலும் பதினாறாம் அத்தியாயத்திலும் வருகிறது. முன்னதில் 'தே', பின்னதில் 'ஹே'. இவ்வாறு 'தே' பெறும் இடங்கள் குர்ஆன் முழுவதிலும் பதினொன்று. இதற்கு இலக்கண விதி எதுவும் இல்லை.

லெய்டன் பல்கலைக்கழக அறிஞர் மரைன் வான் புட்டன், பத்துக்கு மேற்பட்ட பழஞ்சுவடிகளில் இவ்விடங்களை ஒப்பிட்டு 2019இல் தம் முடிவை வெளியிட்டார். அருகிய சில விலகல்கள் நீங்கலாக, எல்லாச் சுவடிகளிலும் அதே இடத்தில் அதே எழுத்து! ஓதக்கேட்டு எழுதியிருந்தால் இந்த ஒற்றுமை வாய்த்திராது. செவிக்கு இரண்டும் ஒன்றல்லவா? முதற்பிரதியை எழுதியவர் கைபோன போக்கில் எழுதியதை, பின் வந்தோர் கண்ணாற் கண்டு அப்படியே பெயர்த்தெழுதினர் என்பதே பொருந்தும். ஆகவே அச்சுவடிகள் யாவும் எழுதப்பட்ட ஒரே மூலப்பிரதியின் வழித்தோன்றல்கள்.

இச்சான்றுக்கும் எல்லை உண்டு. மூலப்பிரதி ஒன்று இருந்தது என அது காட்டும். எழுதுவித்தவர் பெயரைக் காட்டாது. கரிமச் சோதனை தோலின் வயதைக் கூறுமேயன்றி மையின் வயதைக் கூறாது. சன்ஆ ஏட்டின் ஓர் இதழ் 661ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க நூற்றுக்கு 95 பங்கு வாய்ப்புண்டு என ஒரு சோதனை கண்டது. அதே ஏட்டின் வேறோர் இதழுக்கு, நபிகள் பிறப்பதற்கும் முற்பட்ட காலத்தை இன்னொரு சோதனை கூறியது! ஆதலின் இவ்வெண்களை மட்டும் நம்பி வரலாறு எழுதுதல் தகாது.

மேலும், அக்காலத்தில் நிலைபெற்றது எழுத்துக்கூடு மட்டுமே. பழஞ்சுவடிகளில் உயிர்க்குறிகள் இல்லை. எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகளும் அங்கொன்றும் இங்கொன்றுமே. அதனால் ஒரே கூட்டைப் பலவாறு ஓத இடமிருந்தது. 936இல் மறைந்த பக்தாத் அறிஞர் இப்னு முஜாஹித் ஏழு ஓதல்முறைகளைத் தெரிந்து தொகுத்தது அந்த நிலையின் விளைவே.

நண்பர் இருவருக்கும் நான் சொன்னது இதுவே: முதலில் வேறுபாடு இருந்தது, பின் ஒரு பாடம் எழுதி நிறுத்தப்பட்டது, நிறுத்தியபின், காரணம் அறியாத எழுத்தையும் திருத்தத் துணியாமல் பெயர்த்தெழுதினர். "ஒரு விதி வகுத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கியிருக்கலாமே" என்றார் ஒருவர். ஒன்றாக்கியிருந்தால் இன்று நமக்குச் சான்று ஏது?