முகக் கிரீம் டியூபின் பின்பக்கம்

சம்பளம் போட்ட வாரத்தில் ஹட்டன் டவுனுக்குப் போனால், ஃபேன்சி கடைகளின் முகக் கிரீம் தட்டுக்கு முன்னால்தான் கூட்டம். எங்கள் பிள்ளைகளும் அவர்களின் தாய்மாரும் அதில் நிற்பார்கள். ஒரு சின்ன டியூபுக்கு ஒரு முழுப் பேர் சம்பளம் போய்விடும். வாங்குவதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெயிலிலும் பனியிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கிறவர் தன் முகத்தைக் கவனிக்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தக் காசு டியூபின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் போகிறது. பின்பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.

போன மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, முடிந்துபோன டியூப் ஒன்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தாள். முன்பக்கத்தில் பெரிய குங்குமப்பூப் படம். “7 நாளில் பொலிவு” என்று தங்க எழுத்து. நாங்கள் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஆய்வுகூடத்தில் கிடந்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் பின்பக்கத்தைப் படித்தோம்.

முதலில் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொருட்பட்டியல் எடை வரிசையில் எழுதப்படுகிறது. அதிகம் உள்ளது முதலில், குறைந்தது பிறகு. ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே இருக்கிறது என்று டியூபில் எழுதியிருக்காது. நாம்தான் ஊகிக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல அடையாளம் பினொக்சிஎதனோல் என்ற பெயர். கிரீம் கெட்டுப்போகாமல் வைக்கும் பொருள் அது. ஐரோப்பியச் சட்டம் அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்க விடுவதில்லை, பெரும்பாலான கம்பெனிகளும் அந்த அளவுக்குள்தான் நிற்கின்றன. ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் வருபவை எல்லாம் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த டியூபில் முதலில் தண்ணீர். பிறகு ஸ்டியரிக் அசிட், கிளிசரின். அதாவது மெழுகுத்தன்மை தரும் ஒரு கொழுப்பு அமிலமும், ஈரம் பிடித்துவைக்கும் ஒரு பொருளும். ஐந்தாவது இடத்தில் நியாசினமைட். கொஞ்சம் தள்ளி வெயில் தடுக்கும் ஒரு பொருளும், டைட்டானியம் டையொக்சைட் என்ற வெள்ளைத் தூளும். அதன் பிறகு பினொக்சிஎதனோல், வாசனை. அதற்கும் பின்னால்தான் குங்குமப்பூச் சாறு. 50 கிராம் டியூபில் ஒரு சதவீதம் என்றால் அரைக் கிராம். ஆகக் கூடியது அவ்வளவுதான், அதைவிடப் பல மடங்கு குறைவாகவும் இருக்கலாம். அந்தச் ‘சாறு’ என்பதிலும் பெரும்பகுதி பூவைக் கரைத்த திரவம்தான். முன்பக்கத்தையே நிறைத்த குங்குமப்பூ உள்ளே இருந்த அளவு இது.

பொய் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. குங்குமப்பூ இருக்கிறது. வேலை செய்வது அது அல்ல, அவ்வளவே.

வேலை செய்யக்கூடியது, முன்பக்கத்தில் பெயரே இல்லாத நியாசினமைட். அது விட்டமின் பி3இன் ஒரு வடிவம். முகத்தில் உள்ள கருந்திட்டுகளைக் கொஞ்சம் மங்கச் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம் வரை பயன்படுத்தினார்கள். பலன் தெரிய நாலு முதல் எட்டு வாரம் வரை எடுத்தது. எங்கள் டியூபில் எத்தனை சதவீதம் என்று எழுதவில்லை. பட்டியலில் மேலே இருப்பதால் பயன் தரும் அளவில் இருக்கலாம் என்று நினைக்கலாம், உறுதி சொல்ல முடியாது. அப்படியானால் 7 நாள் எங்கிருந்து வந்தது? டைட்டானியம் டையொக்சைட் பூசியவுடனேயே வெள்ளை தெரியும். முகம் கழுவினால் போய்விடும். ‘பொலிவு’ என்ற சொல்லுக்குள் அதுவும் அடங்கும்.

வெயில் விஷயம் எங்களுக்கு முக்கியம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏற ஏறப் புறஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. குளிர் அடிப்பதால் வெயில் சுடுவது தெரியாது, மேகமும் கதிர் முழுவதையும் மறைத்துவிடாது. கன்னத்துக் கருந்திட்டைக் கூட்டுவதே அந்தக் கதிர்தான். அந்த டியூபில் வெயில் தடுக்கும் பொருள் இருந்தும் எஸ்.பி.எஃப் எண் எங்கும் இல்லை. எண் இல்லாவிட்டால் எவ்வளவு காக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி மறுபக்கம். விளம்பரத்தை நம்பாதவர்கள் வட்ஸ்அப்பை நம்புகிறார்கள். “சீட்டைல் அல்கஹோல் இருக்கிறது, தொடாதே” என்று வந்த செய்தியை எங்களிடம் காட்டிக் கேட்டவர்கள் பலர். பெயரில் அல்கஹோல் இருந்தாலும் அது மெழுகு போன்ற ஒரு கொழுப்புக் கட்டி. போதை தரும் எதனோல் வேறு, இது வேறு. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரசாயனம் என்ன என்பதை மட்டும் நாங்கள் சொல்கிறோம். வாயில் நுழையாத பெயர் எல்லாம் விஷம் என்று பயந்தால், நல்ல பொருளையும் தள்ளிவிட்டுப் பட்டியலே இல்லாத டப்பாவை எடுத்துவிடுவோம்.

அதுதான் நடந்தது. டியூபைப் படித்து முடித்தபோது இன்னொரு பிள்ளை பையிலிருந்து சின்ன வெள்ளை டப்பா ஒன்றை எடுத்தாள். “கெமிக்கல் இல்லாதது” என்று தெரிந்தவர் ஒருவர் கொடுத்ததாம். பட்டியல் இல்லை. தயாரித்தவர், இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை. தொகுதி இலக்கமோ முடிவுத் திகதியோ கூட இல்லை. அவளுடைய தாய் மூன்று கிழமையாகப் பூசுகிறார். “டீச்சர், அம்மாவுக்கு நல்லா வெளுத்திருக்கு” என்றாள் சந்தோஷமாக.

எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு மூன்று கிழமையில் முகத்தை நிஜமாகவே வெளுக்க வைப்பவை பாதரசமும், வலுவான ஸ்டீரொய்ட் மருந்தும். பாதரசம் தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கிறது. அதோடு உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. பூசியவரின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போகும். ஸ்டீரொய்ட் தோலை மெலிய வைக்கும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். கொழும்பிலுள்ள சுற்றாடல் நீதிக்கான மையம் இலங்கைச் சந்தையில் வாங்கிய வெண்மைக் கிரீம்களைச் சோதித்து, பாதரசம் இருந்ததை வெளியிட்டிருக்கிறது. இலங்கை 2017இல் மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்தது. அது முதலில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. 2023இல் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே கூடாது என்று முடிவெடுத்தன. சட்டம் அப்படி. டப்பாவோ கையிலிருந்து கைக்கு வருகிறது.

இங்கே பட்டியல் வாசிப்பு உதவாது என்பதையும் ஒத்துக்கொள்கிறோம். பாதரசம் போடுகிறவர் அதை எழுதமாட்டார். அபூர்வமாகக் கலோமெல், மெர்க்கியூரிக் போன்ற பெயர்கள் இருக்கும். “தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்” என்று எழுதியிருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரிய அடையாளம். ஆய்வுகூடச் சோதனை இல்லாமல் வேறு வழியில் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் பட்டியல் இல்லாததை வாங்கவே வேண்டாம் என்கிறோம்.

அந்தத் தாய் மறுநாள் மலையிலிருந்து நேரே பாடசாலைக்கு வந்தார். கோபத்தோடுதான் வந்தார், காசு கொடுத்து வாங்கியவர் அல்லவா. டப்பாவைக் குப்பையில் போட வேண்டாம், மூடி பையில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தோல் டொக்டரிடம் காட்டுங்கள், எத்தனை நாள் பூசினீர்கள் என்றும் சொல்லுங்கள் என்றோம். “அப்ப வெயிலுக்கு எதைப் பூசுறது டீச்சர்?” என்று கேட்டார். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் என்று எண் போட்ட, பட்டியலும் முகவரியும் உள்ள எதையாவது வாங்கலாம், குங்குமப்பூப் படத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை, தலைத்துண்டைக் கன்னம் மறைய இழுத்துக் கட்டுவதும் நல்லது என்றோம். உருப்பெருக்கிக் கண்ணாடி இப்போது அலுவலக மேசையில் இருக்கிறது. டியூபோடு வருகிறவர்கள் பாடசாலை விட்ட பிறகு வரலாம்.