குறியைத் திருப்பினால் மட்டும் மறுப்பாகிவிடாது

“∀ வந்தால் ∃ ஆக்கு, ∃ வந்தால் ∀ ஆக்கு, கடைசியில் எதிர்மறை போடு.” பயனிலைத் தருக்கத்தில் மறுப்பு என்பது இவ்வளவுதான் என்று வகுப்புதோறும் ஓதப்படுகிறது. விதி பொய்யன்று. ஆனால் மாணவர் பாடநூலில் காணும் கூற்றுகள் அந்த விதி கோரும் அப்பட்டமான வடிவில் எழுதப்படுவதே இல்லை. இதைச் சொல்லாமல் விதியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, விடைத்தாளில் பிழை கண்டதும் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவது நியாயமாகாது.

சீரான தொடர்ச்சியின் வரையறையை எடுத்துக்கொள்வோம்.

∀ε>0 ∃δ>0 ∀x ∀y (|x−y|<δ ⇒ |f(x)−f(y)|<ε)

மேற்படி விதியை இதன்மேல் ஓட்டும் மாணவர் பலர் எழுதுவது இது:

∃ε>0 ∀δ>0 ∃x ∃y (|x−y|<δ ⇒ |f(x)−f(y)|≥ε)

குறிகள் யாவும் திரும்பியுள்ளன. கடைசியில் எதிர்மறையும் இருக்கிறது. ஆயினும் இது மறுப்பன்று. x, y இரண்டையும் δ-வைவிட அதிகத் தொலைவில் தேர்ந்தெடுத்தால் முன்பகுதி பொய்யாகிறது. முன்பகுதி பொய்யானால் ‘எனில்’ கூற்று தானே மெய்யாகிவிடும். ஆகவே மெய்யெண்கோட்டில் வரையறுக்கப்பட்ட எந்தச் சார்புக்கும் இவ்வரி பொருந்தும். f(x)=x என்னும் எளிய சார்பு சீரான தொடர்ச்சியுடையது; δ=ε என்று எடுத்தாலே போதும். அதற்கும் இந்த ‘மறுப்பு’ மெய்யாகிறது. ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒரே சார்புக்கு ஒருங்கே மெய்யாவது எங்ஙனம்?

‘A எனில் B’ என்பதை மறுப்பது ‘A எனில் B அன்று’ என்பதன்று. ‘A நிகழ்ந்தும் B நிகழவில்லை’ என்பதே. எனவே சரியான வடிவம்:

∃ε>0 ∀δ>0 ∃x ∃y (|x−y|<δ ∧ |f(x)−f(y)|≥ε)

f(x)=x² சீரான தொடர்ச்சியற்றது என்று காட்ட இவ்வரியையே படிப்படியாகப் பின்பற்றலாம். ε=1 என்க. எந்த δ கொடுக்கப்பட்டாலும் x=1/δ, y=1/δ+δ/2 என்று எடுத்தால் இடைவெளி δ/2; அது δ-வைவிடக் குறைவு. வர்க்கங்களின் வேறுபாடோ 1+δ²/4. அது 1-க்குக் குறையாது. x, y இரண்டும் δ-வைப் பார்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். ∀δ-வுக்குப் பின் ∃x வருவதன் பொருள் அதுவே.

இனி, ε>0 என்பது. சிலர் இதையும் திருப்பி ‘∃ε≤0’ என்று எழுதுகின்றனர். ‘எல்லாவற்றையும் திருப்பு’ என்று போதித்தவர் இதைக் குறைகூற என்ன உரிமை உடையவர்? “ஒவ்வொரு துறையிலும் எல்லாத் தாள்களிலும் தேறிய மாணவர் ஒருவர் உண்டு” என்பதை மறுப்பவர், துறையல்லாத இடத்தைத் தேடிப் போவதில்லை. “ஏதோ ஒரு துறையில், மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு தாளில் தவறியிருக்கிறார்” என்கிறார். துறை துறையாகவே நிற்கிறது. ‘∀ε>0’ என்பது ‘ε>0 எனில்’ என்பதன் சுருக்கெழுத்து. ‘எனில்’ கூற்றை மறுக்கையில் முன்பகுதி அப்படியே தங்குவதால்தான் ε>0 மாறுவதில்லை. இவ்விரு பிழைகளுக்கும் வேர் ஒன்றே.

தமிழ்வழி சிந்திப்பவருக்கு இன்னொரு தொல்லை உண்டு. நம் மொழியில் எதிர்மறை வினையோடு ஒட்டி வாக்கிய இறுதியில் நிற்கிறது. “எல்லா மாணவரும் வரவில்லை” என்றால் ஒருவரும் வரவில்லை என்று ஒருவர் கொள்வார். சிலர் வரவில்லை என்று மற்றவர் கொள்வார். ∀ முன்னா, எதிர்மறை முன்னா என்பதை அவ்வாக்கியம் சொல்வதில்லை. ஆகவே கூற்றைத் தமிழில் வாசித்து, இறுதியில் ‘இல்லை’ சேர்த்து மறுப்பைக் கண்டுவிடலாம் என்பது ஆபத்தான குறுக்குவழி.

வரிசை பற்றியும் ஒரு சொல். மறுக்கும்போது குறிகள் மாறுமேயன்றி அவற்றின் இடம் மாறாது. ‘∀δ>0 ∃ε>0’ என்று முன்பின்னாக்கினால், ε-ஐ δ-வுக்கேற்பச் சிறிதாக்கிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. அப்போது f(x)=x-க்கும் அது மெய்யாகும்: x=0, y=δ/2, ε=δ/2.

மூன்று பிழைகளையும் f(x)=x என்ற ஒரே சார்பு காட்டிக்கொடுத்துவிட்டது. எழுதிய மறுப்பை, மூலக் கூற்று மெய்யாகும் ஓர் எளிய சார்பில் இட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அங்கே மறுப்பும் மெய்யாக வந்தால் பிழை உறுதி. பொய்யாக வந்தால் மறுப்பு சரியென்று நிறுவப்பட்டதாகாது. உதாரணமாக, மாறிலிச் சார்பை மட்டும் சோதித்தவரிடம் வரிசைப் பிழை தப்பிவிடும். இந்தச் சோதனைக்குப் பாடவேளையில் இடமில்லை என்போர், அந்த மூன்று வரி மந்திரத்தை எத்தனை முறை ஒப்பிக்கச் செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.