ஒரு கடிதம், இரண்டு மேசைகள்

அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் அவ்வப்போது தெற்காசிய மொழிகளுக்கான பட்டியலாளரைத் தேடி விளம்பரம் தருகின்றன. தமிழ் வாசிக்கத் தெரிய வேண்டும், மார்க் 21 பழகியிருக்க வேண்டும், ஆர்.டி.ஏ. விதிகளில் வேலை செய்திருக்க வேண்டும் என்று அதில் படிக்கும்போது நம்மில் பலருக்கு நமக்காகவே எழுதியது போலத் தோன்றும். ஆனாலும் இந்தத் தகுதிகள் எல்லாம் உள்ளவர்கள்கூட முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவதைப் பார்க்கிறோம். நண்பர்கள் காட்டும் விண்ணப்பக் கடிதங்களை வாசித்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அந்தக் கடிதம் இரண்டு மேசைகளைக் கடக்க வேண்டும். முதல் மேசையில் இருப்பவர் மனிதவளப் பிரிவு ஊழியர். அவருக்கு நூலகவியல் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. விளம்பரத்தில் உள்ள கட்டாயத் தகுதிகளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கடிதத்தில் நேரடியான சான்று இருக்கிறதா என்று கண்ணை ஓட்டுகிறார். இருந்தால் ஒரு குறி, இல்லையென்றால் கட்டம் காலி. எழுதாததை ஊகித்துக்கொள்ளக் கூடாது என்பது பல இடங்களில் அவருக்கான விதி. இரண்டாவது மேசை தேர்வுக் குழுவில் இருக்கும் பட்டியலாக்கத் துறைத் தலைவருடையது. ஒரு பதிவைச் சரிபார்க்கும் கண்ணோடுதான் அவர் கடிதத்தையும் படிக்கிறார், காற்புள்ளிகூடத் தப்பாது.

இருவரையும் நினைத்துக்கொண்டு எழுதுபவர்கள் வழக்கமாகச் செய்வது, மேலே கலைச்சொற்களை வரிசையாக அடுக்கிவிட்டு, கீழே பணி வாழ்க்கையின் கதையைச் சொல்வது. துறைத் தலைவருக்கு அந்த வரிசை வெறும் சொற்களாகப் படுகிறது. ஊழியரோ கதை வரைக்கும் வருவதில்லை. கதைக்குள் கிடக்கும் தேதிகளும் அவர் கண்ணில் படுவதில்லை. ஒரே பத்தியின் தொடக்கத்தை ஊழியருக்கும் தொடர்ச்சியைத் துறைத் தலைவருக்கும் எழுதுவதுதான் வழி என்று நினைக்கிறேன். முதல் வாக்கியத்தில் விளம்பரத்தின் சொல் அப்படியே வரட்டும், தேதியோடு. அடுத்த இரண்டு மூன்று வாக்கியங்களில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ள வேலை வரட்டும்.

மாதிரிக்கு ஒரு விண்ணப்பதாரரைக் கற்பனை செய்துகொள்வோம். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் 2017 ஜூன் முதல் பணிபுரிகிறார். விளம்பரம் கேட்பது: அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த முதுநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையானது, மார்க் முறையில் இரண்டு ஆண்டுப் பட்டியலாக்க அனுபவம், தமிழ் வாசிப்புத் திறன். விரும்பத்தக்க தகுதியாக நாக்கோ அனுபவம்.

அவருடைய முதல் வரைவில் பட்டம் ‘எம்.எல்.ஐ.எஸ்சி.’ என்று மட்டும் இருக்கிறது. நமக்கு அது போதும். முதல் மேசைக்கு அது அறியாத எழுத்துக் கூட்டம். ‘இணையான முதுநிலைப் பட்டம்’ என்ற விளம்பரச் சொற்றொடரோடு தொடங்கி, பட்டத்தின் விரிந்த பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு, மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்று பெற்றிருந்தால் அதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். வெளிநாட்டுத் தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பையும் தொழில்முறைத் தகுதியாக ஏற்பது அமெரிக்க நூலகச் சங்கத்தின் கொள்கை. ஆனால் விளம்பரத்தில் ‘இணையான’ என்ற சொல் இல்லையென்றால், விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. கடிதத்தின் நயத்தால் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது.

அனுபவப் பத்திதான் கடினமானது. வரைவு இப்படி இருக்கிறது: ‘பட்டியலாக்கத்தில் பல ஆண்டு அனுபவமும் அத்தாரிட்டி பதிவுகளில் ஆழ்ந்த பயிற்சியும் நாக்கோ அனுபவமும் உண்டு.’ முதல் மேசை ‘பல ஆண்டு’ என்பதை எண்ணிப் பார்க்க முடியாது. இரண்டாவது மேசைக்கு ‘நாக்கோ’ என்ற சொல்லே இடறும். அந்தக் கூட்டுத் திட்டத்தில் உறுப்பினராக உள்ள நூலகத்தின் வழியாகவும் அதற்கான பயிற்சிக்குப் பிறகும்தான் அதற்குப் பதிவு அளிக்க முடியும் என்பது துறைத் தலைவருக்குத் தெரியும். உள்ளூர் கோஹாவில் பெயர்ப் பதிவு செய்ததை நாக்கோ என்று எழுதியவரின் மற்ற வாக்கியங்களையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். முதல் மேசையில் ஒரு குறி வாங்கித் தரும் அந்தச் சொல் இரண்டாவது மேசையில் கடிதத்தையே கவிழ்த்துவிடும். அது கட்டாயத் தகுதிகூட இல்லை என்பதால் இந்த இழப்புக்குத் தேவையே இல்லை.

திருத்திய பத்தி இப்படி அமையலாம்: ‘மார்க் 21 முறையில் பட்டியலாக்க அனுபவம்: 2017 ஜூன் முதல் இன்றுவரை. தமிழ் நூல்களுக்கு ஆர்.டி.ஏ. விதிகளின்படி மூலப் பதிவுகள் செய்கிறேன். தமிழ் எழுத்து வடிவத்தை 880 புலத்தில் சேர்க்கிறேன். நாக்கோ பயிற்சி பெறவில்லை. எங்கள் உள்ளூர்க் கோப்பில் புதுமைப்பித்தனின் நூல்கள் மூன்று வெவ்வேறு பெயர்களின் கீழ் சிதறியிருந்தன. அவற்றை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்தேன்.’

கடைசி வாக்கியம் துறைத் தலைவருக்கானது. படித்ததும் பின்னால் இருக்கும் பதிவு அவர் மனத்தில் விரியும்:

```
100 0_ $a Putumaippittaṉ, $d 1906-1948
400 1_ $a Viruttācalam, Co.
400 0_ $a Pudumaipithan
```

புனைபெயர் தலைப்பாகிறது, இயற்பெயர் அதை நோக்கிச் சுட்டுகிறது. தமிழ்ப் பதிவுகளுக்கான ரோமன் எழுத்துப்பெயர்ப்பு ஒலியைப் பின்பற்றாமல் எழுத்தைப் பின்பற்றுவதால், வாசகர் பழகிய எழுத்துக்கூட்டலைத் தனியாகச் சேர்க்காவிட்டால் அவர் தேடும்போது நூல் அகப்படாது. இந்தப் பதிவைக் கடிதத்தில் ஒட்ட வேண்டியதில்லை. இந்த முடிவை எடுத்தவர் நாம்தான் என்று தெரிந்தால் போதும். நேர்காணலில் அதைப் பற்றியே கேட்பார்கள். இப்படி ஒரே ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுங்கள். நான்கு சொன்னால் இடப்பற்றாக்குறையில் நான்கும் பட்டியலாகச் சுருங்கிவிடும், பத்தியின் முதல் வாக்கியமும் முதல் மேசையின் கண்ணிலிருந்து மறையும்.

தமிழ் வாசிப்புத் திறனைப் பலர் எழுதுவதே இல்லை; பெயரைப் பார்த்தாலே தெரியாதா என்ற நினைப்பு. தெரியாது. பெயரிலிருந்து மொழியை ஊகிக்க ஊழியருக்கு அனுமதியும் இருக்காது. தமிழ் தாய்மொழி என்பதையும், பழைய அச்சு எழுத்துகளைப் படிக்க முடியுமானால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. இணைய விண்ணப்பப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகளைக் கட்டாயமாக்கும். தந்தை பெயரை அங்கே விரித்து எழுதிவிட்டு, கடிதத்தில் தலைப்பெழுத்தோடு கையெழுத்திட்டு, மதிப்பெண் பட்டியலில் மூன்றாவது வடிவம் இருந்தால், முதல் மேசைக்கு இவர்கள் மூன்று பேர். நூலாசிரியர் பெயருக்கு நாம் எடுக்கும் அக்கறையை நம் பெயருக்கும் எடுத்து, ஒரே வடிவத்தை எல்லா இடத்திலும் இட வேண்டும். சான்றிதழில் மாற்ற முடியாத வேறு வடிவம் இருந்தால் கடிதத்தின் தலைப்பில், பெயருக்குக் கீழே, அதையும் குறிப்பிடலாம்.

அனுப்பும் முன் கோப்பை எழுத்துரு பதித்த பி.டி.எஃப். ஆக மாற்றி, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். `ṉ`, `ḻ` போன்ற எழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால் ஊழியர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார். பட்டியலாளர் வேலைக்கு வந்த கடிதத்தில் அதைப் பார்க்கும் துறைத் தலைவர் அப்படிக் கடந்துபோக மாட்டார்.