அடிக்குறிப்பைத் தமிழாக்குவோம்

கேபிள் அளவைத் தேர்ந்தெடுக்க உதவும் தாள் ஒன்றைத் தமிழாக்கி இந்த இதழின் நடுப்பக்கங்களில் தந்திருக்கிறோம். நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் போர் மோட்டாருக்கும் மாவு மில்லுக்கும் லைன் இழுக்கும் மின் ஒப்பந்தக்காரர்களை மனதில் வைத்துச் செய்த வேலை இது. தாளைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஒரு ஏமாற்றம் இருக்கும். கேபிள், கோர், வோல்டேஜ் டிராப் என்று தலைப்புகள் பெரும்பாலும் சைட்டில் புழங்கும் பெயர்களிலேயே நிற்கின்றன. எங்கள் உழைப்பு முழுக்கத் தாளின் அடியில் பொடி எழுத்தில் கிடந்த குறிப்புகளுக்குப் போயிற்று.

எண்களைப் படிக்க யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. மின்னழுத்தம், மின்தடை போன்ற சொற்களும் ஐடிஐ படித்த வயர்மேனுக்குப் புதிதல்ல. சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் எலக்ட்ரீஷியன் பாடநூலைத் தமிழிலேயே வெளியிடுகிறது. அவருக்கு அடைபட்டுக் கிடப்பது அந்த எண் எந்த நிலைமையில் செல்லும் என்று சொல்லும் ஆங்கில வாக்கியம். அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, எங்கும் பார்க்கக்கூடிய ஒரு கிணற்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்து எச்பி மோட்டார், மூன்று பேஸ். தகட்டில் 18 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. மீட்டரிலிருந்து கிணறு 250 மீட்டர். போடப்போவது மண்ணில் புதைக்கும் அலுமினிய ஆர்மர்டு கேபிள், பிவிசி உறை. தாளின் முதல் எண் வரிசை, கேபிள் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்பது. 4 ஸ்கொயருக்கு 28, 6-க்கு 35, 10-க்கு 46, 16-க்கு 60. பதினெட்டு ஆம்பியருக்கு 4 ஸ்கொயரே போதும் என்று தோன்றும். அடிக்குறிப்போ இந்த எண்கள் மண்ணின் வெப்பம் 30 டிகிரியாகவும் கேபிள் 75 சென்டிமீட்டர் ஆழத்திலும் இருக்கும்போதுதான் என்கிறது. நம் ஊர்ச் சித்திரையில் மண் 40 டிகிரி என்று வைத்தால் 0.87-ஆல் பெருக்க வேண்டும்; 28 என்பது 24 ஆகிவிடும். காய்ந்து வெடித்த கரிசலில் கேபிளைச் சுற்றிக் காற்று இடைவெளி விழுந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் குறையும். பள்ளத்தில் மணல் பரப்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இத்தனை கழித்த பிறகும் 18 ஆம்பியரை 4 ஸ்கொயர் சுமந்துவிடும். இந்த வரிசையோடு தாளை மூடி வைப்பவர் 4 ஸ்கொயர் வாங்கிப் புதைப்பார்.

அடுத்த வரிசை வோல்டேஜ் டிராப். ஒரு ஆம்பியர் ஒரு மீட்டர் ஓடினால் எத்தனை மில்லிவோல்ட் குறையும் என்பதே அந்த எண். 4 ஸ்கொயருக்கு ஏறக்குறைய 15.4. இதை 18-ஆலும் 250-ஆலும் பெருக்கி, மில்லிவோல்ட்டை வோல்ட்டாக்க ஆயிரத்தால் வகுத்தால் 69 வோல்ட் வருகிறது. 415-இல் இது கிட்டத்தட்ட 17 சதவீதம். ஆம்பியர் கணக்கில் தேறிய கேபிள் இங்கே மோசமாகத் தோற்கிறது. 6 ஸ்கொயர் 43 வோல்ட்டைத் தின்கிறது, 10 ஸ்கொயர் 29 வோல்ட்டை. 16 ஸ்கொயருக்கு வரும்போதுதான் 18 வோல்ட், அதாவது 4.3 சதவீதம் என்று இறங்குகிறது. இந்தியத் தரநிலை ஐஎஸ் 732 மோட்டார் போன்ற பயன்பாட்டுக்கு 5 சதவீதம் வரை அனுமதிக்கிறது, விளக்குக்கு 3. ஆக இந்தக் கிணற்றுக்கு 16 ஸ்கொயர். நீண்ட தூரத்தில் கேபிளின் தடிமனைத் தீர்மானிப்பது சூடு அல்ல, டிராப்.

இந்த வரிசைக்கு இரண்டு அடிக்குறிப்புகள் உண்டு. ‘நீளம் என்பது ஒரு வழி நீளம்’ என்பது முதலாவது. கரண்ட் போய்த் திரும்புவதால் நீளத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்ற பழக்கம் சிங்கிள் பேஸ் வேலையிலிருந்து வருவது. மூன்று பேஸ் பட்டியலில் அதற்கான பெருக்கல், வர்க்கமூலம் மூன்று, ஏற்கெனவே எண்ணுக்குள் சேர்ந்துவிட்டது. அதை அறியாமல் இரட்டித்தால் 16 தேறாது, 25-உம் தேறாது, 35 ஸ்கொயரில்தான் கணக்கு முடியும். விவசாயி தேவைக்கு இரண்டு பங்கு அலுமினியத்துக்குப் பணம் கட்டுவார்.

இரண்டாவது குறிப்பு, 5 சதவீதம் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பது. அது மீட்டரிலிருந்து மோட்டார் வரைக்கும் மட்டும். மீட்டருக்கு வருவதற்கு முன்பே ஈபி லைனில் குறைந்தது அதில் சேராது. விதிப்படியே தாழ்வழுத்த சப்ளை 6 சதவீதம் வரை இறங்கலாம். 415 என்பது 390 ஆகலாம். அதிலிருந்து நம் 18 வோல்ட்டும் போனால் மோட்டாருக்குக் கிடைப்பது 372. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கேற்பக் குறைவதால், 372-இல் அது ஐந்தில் நான்கு பங்குதான். குறைந்த வோல்டேஜில் அதே தண்ணீரை ஏற்ற மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். கூடுதல் ஆம்பியர் கேபிளில் கூடுதல் டிராப். மூன்று பேஸ் வந்ததும் எல்லாத் தோட்டத்து ஆட்டோ ஸ்டார்ட்டரும் ஒன்றாக எழும் நேரத்தில் மோட்டார் முனகிக்கொண்டு நிற்பது இப்படித்தான். ஒப்பந்தக்காரர் வேலை தொடங்கும் முன் அந்த நேரத்தில் மீட்டரில் வோல்டேஜ் எவ்வளவு என்று அளந்து எழுத, தமிழ்த் தாளில் ஒரு கட்டம் விட்டிருக்கிறோம்.

கடைசி வரிசை ஷார்ட் சர்க்யூட். 16 ஸ்கொயருக்கு 1.2 கிலோ ஆம்பியர் என்று இருக்கும். அதன் அடிக்குறிப்பு இரண்டே சொல்: ‘ஒரு நொடிக்கு’. அதில்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. நம் மீட்டருக்குப் பக்கத்தில் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் நிற்கிறது என்போம். அதன் இரண்டாம் பக்கம் 433 வோல்ட், முழு லோடில் 133 ஆம்பியர். இம்பிடன்ஸ் 4.5 சதவீதம் என்றால், டெர்மினலிலேயே மூன்று பேஸும் ஒட்டிக்கொண்டால் 133-ஐ 0.045-ஆல் வகுக்க வருகிற ஏறக்குறைய 3,000 ஆம்பியர் பாயும். 1,200 தாங்கும் கேபிளில் 3,000 பாய்ந்தால் கேபிள் போயிற்று என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் கேள்வி எவ்வளவு நேரம் பாய்கிறது என்பது.

t = (k × S / I)²

இதில் S கேபிளின் ஸ்கொயர் அளவு. I பாயும் ஆம்பியர். k அலுமினியம்–பிவிசிக்கு 76. 16 ஸ்கொயர் 3,000 ஆம்பியரை 0.16 நொடி தாங்கும். சரியான எச்ஆர்சி ஃபியூஸ் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் அறுந்துவிடும், ஆபத்தில்லை. அதே இடத்தில் 4 ஸ்கொயருக்குக் கிடைப்பது நூறில் ஒரு நொடிதான். ஃபியூஸ் கட்டையில் கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிப் போட்டிருந்தால், ஃபியூஸுக்கு முன் கேபிள் வெந்துவிடும்.

இங்கேதான் ஒரு சொல்லில் கண்டிப்பாக இருந்தோம். தீ விபத்துச் செய்திகளில் பத்திரிகைகள் ஷார்ட் சர்க்யூட்டை ‘மின்கசிவு’ என்றே எழுதிவருகின்றன. அந்தச் சொல் பட்டறைக்கும் வந்துவிட்டது. நம் கிணற்றில் இரண்டும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மரடியில் ஷார்ட் என்றால் 3,000 ஆம்பியர். அதே ஷார்ட் 250 மீட்டர் தள்ளி மோட்டார் முனையில், ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் விழுந்தால், 16 ஸ்கொயர் கேபிளின் தடையே அதை ஏறக்குறைய 200 ஆம்பியராகக் குறைத்துவிடும். 32 ஆம்பியர் ‘சி’ வகை எம்சிபி உடனே விழுவதற்கு 160 முதல் 320 வரை வேண்டும். 200-இல் அது விழலாம், சில நொடி தாமதிக்கலாம். தாளில் அச்சாகியிருப்பது கேபிளின் தாங்குதிறன் மட்டுமே. தொலைமுனையில் பாய்கிற இந்தச் சிறிய ஷார்ட்டை யாராவது கணக்கிட்டால்தான் உண்டு.

மூன்றாவதுதான் மின்கசிவு. ஒரு பேஸ் ஸ்டார்ட்டர் பெட்டியின் இரும்பில் உரசுகிறது. எர்த் குழியின் தடை 10 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த் 2 ஓம் என்றால் 240-ஐ 12-ஆல் வகுக்க 20 ஆம்பியர்தான் வருகிறது. மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிட 2 ஆம்பியர் கூடுதல். 32 ஆம்பியர் ஃபியூஸ் இதை நாள் முழுக்கச் சுமக்கும். பெட்டியிலோ 20 பெருக்கல் 10, 200 வோல்ட் நிற்கும். தொடுகிறவர் பிழைப்பது கடினம். மழையில்லாத மாதங்களில் உப்பும் கரியும் போட்ட குழியும் வறண்டு, 10 ஓம் என்பது நல்ல எர்த் ஆகிவிடுகிறது. இந்தக் கசிவைக் கேபிளின் தடிமன் தடுக்காது, ஃபியூஸும் தடுக்காது. 100 அல்லது 300 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி வேண்டும். குழிக்குத் தண்ணீர் ஊற்றி, எர்த் டெஸ்டரால் அளந்து பார்க்கவும் வேண்டும்.

3,000, 200, 20. இம்மூன்றையும் ஒரே பெயரில் அழைப்பவர், முதலாவதற்கு வாங்கிய ஃபியூஸ் மூன்றாவதையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுவார். ஆகவே எங்கள் தாளில் ‘டிரான்ஸ்பார்மரடி ஷார்ட்’, ‘தொலைமுனை ஷார்ட்’, ‘எர்த் கசிவு’ என்று மூன்று வரிகள் தனித்தனியே இருக்கின்றன. ஆங்கில மூலத்தில் இல்லாத இரண்டு வரிகளைச் சேர்த்தது மொழிபெயர்ப்பின் எல்லையைத் தாண்டியது என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறோம், புதிய வரிகளைக் கோடிட்டுப் பிரித்து, மூலத்தில் இல்லாதவை என்று குறித்துமிருக்கிறோம்.

இந்தத் தாள் தரநிலைக்கு மாற்று அல்ல. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் ஆறு மடங்கு ஆம்பியரின் டிராப் இதில் வராது. ஒரே பள்ளத்தில் நாலைந்து கேபிள் போனால் கழிக்க வேண்டிய கணக்கும் தனி. வேலை முடிந்த அறிக்கையில் கையெழுத்திடும் சூப்பர்வைசர் ஐஎஸ் ஆவணத்தையும் கேபிள் கம்பெனியின் பட்டியலையும் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கம்பெனிகளிடம் எங்கள் கோரிக்கை சிறியது. பட்டியல் முழுவதையும் தமிழில் தர வேண்டாம். கேபிள் சுருளோடு வரும் சீட்டில் நான்கு வரி மட்டும் தமிழில் அச்சிடட்டும்: மண் வெப்பம் எத்தனை டிகிரிக்கு இந்த ஆம்பியர், டிராப் எண் எத்தனை பேஸுக்கு, நீளம் ஒரு வழியா இரு வழியா, ஷார்ட் சர்க்யூட் எண் எத்தனை நொடிக்கு. மற்றதை நம் ஒப்பந்தக்காரர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.