குடியேற்ற முகப்பில் ஒரு வணக்கம்

வளைகுடாவுக்குத் தொழிலாளரை அனுப்பும் தரகர்களில் பலர் விமான நிலையத்துக்கென ஒரு பணிவுப் பாடமே நடத்துகின்றனர். கைகூப்பு, குனி, சொல்லுக்குச் சொல் 'சார்' என்று சேர், கேட்பதற்கு முன்பே பயணக் காரணத்தைச் சொல். இதை நாகரிகம் என்று எண்ணுவோர் ஏமாறுகின்றனர். இது குற்றத்தை மறைக்கும் ஒத்திகை.

பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் பெரும்பாலும் 'ஈசிஆர்' குறிப்பு உண்டு. அத்தகையவர் சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி முன்னனுமதி பெற வேண்டும். சுற்றுலாவுக்கு அது வேண்டியதில்லை. தரகர் நுழையும் சந்து இதுவே. சீவானிலிருந்து கிளம்பும் கொத்தனார் ஒருவருக்குத் துபாய் சுற்றுலா விசாவும் திரும்பும் பயணச்சீட்டும் வாங்கிக் கொடுத்து, மனப்பாட வணக்கத்தோடு தில்லிக்கு அனுப்பிவிடுகிறார்.

முகப்பில் இருப்பவர் பார்ப்பது சில செய்திகளையே: முகமும் படமும் ஒத்திருக்கின்றனவா, விசா எத்தகையது, தேடப்படுவோர் பட்டியலில் பெயர் உண்டா. "வணக்கம்" அல்லது "நமஸ்தே" என்ற ஒரு சொல், தொப்பியும் முகக்கவசமும் இல்லாத முகம், படப்பக்கம் திறந்த கடவுச்சீட்டு, இவை போதும். கொத்தனாரோ வணங்கி முடிப்பதற்குள், "சார், சுற்றிப் பார்க்கத்தான் போகிறேன் சார்" என்கிறார். எவரும் கேட்கவில்லையே! எங்கே தங்குவார், செலவு யாருடையது என்ற வினாக்கள் அதன் பிறகே எழுகின்றன. மனப்பாடத்தில் அவற்றுக்கு விடை இல்லை. அவர் திருப்பி அனுப்பப்படுகிறார். தரகரிடம் கொடுத்த கடன் பணம் திரும்புவதில்லை. திருப்பி அனுப்பப்படாமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பதிவு பெற்ற ஒப்பந்தம் இல்லை, கூலி மறுக்கப்பட்டால் காட்டுவதற்குத் தாளும் இல்லை.

இல்லாத அனுமதியை எந்தக் கும்பிடும் ஈடுசெய்யாது. இருக்கும் அனுமதிக்குக் கும்பிடு தேவையும் இல்லை. அப்படியானால் எதற்கு வணக்கம்? இரவெல்லாம் விழித்துப் பணிசெய்யும் ஒரு மனிதருக்கு மற்றொரு மனிதர் சொல்வது அது. சலுகைக்கான முன்பணம் அன்று.

அது சரியென்றால் மறுமொழியும் வர வேண்டும். 2018 சனவரியில் ஈசிஆர் பிரிவினருக்கு ஆரஞ்சு நிறக் கடவுச்சீட்டு என்று நடுவண் அரசு அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அம்மாதமே கைவிட்டது. நிறம் பிரியவில்லை, குரல் பிரிந்தேயிருக்கிறது. மடிக்கணினிப் பையோடு வருபவருக்கு 'ஆப்' என்னும் அதே வாய், கொத்தனாருக்குத் 'தும்' என்கிறது. சில வேளை 'தூ' என்றும் இறங்குகிறது. பயணிக்குப் பணிவைப் போதிக்கும் காணொளிகள் எத்தனையோ வருகின்றன. முகப்பின் மறுபுறத்தில் அமர்ந்திருப்பவருக்கு 'ஆப்' என்ற ஒரு சொல்லைக் கற்பிக்க என்ன தடை?